யானை வந்தது ரீச்சர்: வீட்டு வேலைச் சாட்டுகளை எடைபோட ஒரு வழிகாட்டி

வன்னிக்கு நியமனம் கிடைத்து வருகிற ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே ஒரு பிழை விடுகிறார்கள். ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், யானை வந்தது, அதால வீட்டு வேலை செய்யேல்ல" என்கிறான். புது ரீச்சர் சிரிக்கிறார். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்தவன் எழும்பி, "செய்தனான் ரீச்சர், கொப்பிய மேசையில வச்சிட்டு மறந்து வந்திட்டன்" என்கிறான். ரீச்சர் தலையாட்டி, "சரி, நாளைக்குக் கொண்டு வா" என்கிறார். அப்போதுதான் வகுப்பு சிரிக்கிறது.

வகுப்பு சிரித்த இடம்தான் சரியான இடம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ படித்துவிட்டு வருகிறவர்களிடம் எந்தச் சாட்டு நம்பத்தக்கது, எது கேலிக்கூத்து என்று ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசை இங்கே தலைகீழாகிறது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியை அண்டிய கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள் நான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் நான் கேட்ட சாட்டுகளை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அதிலிருந்து, நம்பக்கூடியதில் தொடங்கி நம்பவே முடியாதது வரைக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

வரிசைக்கு முன்னால் செய்ய வேண்டியது

பிள்ளை சொல்வதை முடிவு வரைக்கும் கேளுங்கள். இடையில் வெட்டினால் பிள்ளை கதையைச் சுருக்கிவிடும். சுருக்கிய கதையில் உண்மையும் பொய்யும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

கேட்டு முடிந்த பிறகு இரண்டு விடயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று, அது நடந்ததா? மற்றது, வீட்டு வேலை தவறியது அதனால்தானா? புதியவர்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதைக் கேட்காவிட்டால் ஏன் ஏமாந்து போவோம் என்பதை யானைக் கதையில் சொல்கிறேன்.

கேள்வி இல்லாமல் நம்ப வேண்டியவை

வரிசையின் முதல் இடத்தில் நான் வைத்திருப்பது, கேட்கும்போது கட்டுக்கதை போல் இருக்கிற ஒரு சாட்டு. ஒரு மகள் சொன்னாள்: "கொப்பித்தாள் காத்துக்குப் பறந்து சிவப்புப் பலகை போட்ட காணிக்குள்ள போயிட்டுது ரீச்சர்." சிவப்புப் பலகை என்றால் மண்டையோடு வரைந்த மிதிவெடி எச்சரிக்கைப் பலகை. வன்னியில் வெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன. இந்தச் சாட்டைச் சோதிக்கவே கூடாது. "அப்ப ஏன் போய் எடுக்கேல்ல?" என்று பகிடிக்குக்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த முறை ஒரு பிள்ளை போய் எடுக்கப் பார்க்கும். "நீ உள்ளுக்குப் போகாதது நல்லது" என்று வகுப்புக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் புதுத் தாள் கொடுங்கள். பொய்யாக இருந்தாலும் நட்டம் ஒரு தாள் மட்டும்.

அதற்கு அடுத்தது வயல். காலபோக வெள்ளாண்மை தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரைக்கும் வெட்டப்படும். வெட்டுகிறது மெசின்தான் என்றாலும், நெல்லை வீதியோரத்தில் காயப்போட்டால் மாட்டுக்கும் மழைக்கும் காவல் இருப்பது பிள்ளைகள். மழை இருட்டினால் வீட்டில் உள்ள எல்லோரும் ஓடிப்போய் அள்ள வேண்டும். அந்த மாதங்களில் "நெல்லுக்குக் காவல் இருந்தனான்" என்று சொல்கிற பிள்ளையின் காலைப் பாருங்கள். சொறியும் தவிட்டுத் தூசியும் சாட்சி சொல்லும். அதே சாட்டை ஐப்பசியில் யாராவது சொன்னால் வரிசையின் அடிக்கு அனுப்பிவிடுங்கள். ஐப்பசி விதைக்கிற காலம், காயப்போட நெல் இருக்காது.

தம்பியைப் பார்த்தேன், அம்மம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்பவையும் இந்த இடத்தில்தான். இவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும்.

யானை

இதுதான் நீங்கள் முதலில் படிக்க வேண்டிய சாட்டு. யானை ஊருக்குள் வருவது நெல்லுக்கும் வாழைக்கும்தான். அறுவடை முடிந்து மூட்டைகள் வீட்டுக்குள் வந்த பிறகு, வாசம் பிடித்து வந்து சுவரை இடிக்கும். ஆகவே மாசி, பங்குனியில் யானைச் சாட்டு வந்தால் நம்புகிற பக்கம் நின்று தொடங்குங்கள்.

உண்மையான யானைக் கதைக்குத் திசை இருக்கும், நேரம் இருக்கும், முதலில் கண்டவர் ஒருவர் இருப்பார். பொய்யான கதையில் யானை மட்டும் இருக்கும். ஏழாம் வகுப்பில் ஒருவன் எழும்பி, "கொப்பிய யானை சாப்பிட்டிட்டுது ரீச்சர்" என்றான். பின்னம் கூட்டல், பத்துக் கணக்கு வீட்டு வேலையாகக் கொடுத்திருந்தேன்.

"எந்தப் பக்கத்தால வந்தது?" என்று கேட்டேன்.

"குசினிப் பக்கத்தால ரீச்சர். முதல் வாழையை முறிச்சது. பிறகு நெல்லு மூட்டை அடுக்கின அறைச் சுவரை இடிச்சது."

"ஆர் முதல் கண்டது?"

"நாய். பிறகு அப்பம்மா. அப்பா வெடி கொளுத்தினவர், அது அசையேல்ல. ரெண்டாவது வெடிக்குத்தான் திரும்பினது."

"உன்ர பை எங்க இருந்தது?"

"மூட்டைக்கு மேல."

இவ்வளவும் ஒரு மூச்சில், யோசிக்காமல் சொன்னான். அதோடு ஒரு திருத்தமும் சொன்னான்: "சாப்பிடேல்ல ரீச்சர், மூட்டையோட சேர்த்து இழுத்துக்கொண்டு போய் மிதிச்சது." தன் கதையைத் தானே சின்னதாக்குகிற பிள்ளை பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது.

அடுத்த நாள் பையைக் கொண்டு வந்தான். ஒரு பட்டி அறுந்திருந்தது. கொப்பி வாழைத்தோட்டத்துச் சேற்றில் கிடந்து காய்ந்து பலகை மாதிரி இருந்தது. நடுவில் வளைந்த ஒரு அழுத்தம், அதற்குள் இரண்டு மூன்று நெல்மணிகள் ஒட்டிக்கிடந்தன. முதல் கேள்விக்கு விடை வந்துவிட்டது. யானை உண்மை.

பிறகு கொப்பியை மெதுவாகப் பிரித்துக் கடைசியாக எழுதிய பக்கத்தைப் பார்த்தேன். திகதி இருந்தது. "வீட்டு வேலை" என்று எழுதி அடிக்கோடு கீறியிருந்தது, சிவப்புப் பேனையால், அளவுகோல் வைத்து. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"யானை எத்தனை மணிக்கு வந்தது?"

"பதினொரு மணி இருக்கும்."

"நீ எத்தனை மணிக்குப் படுத்தனீ?"

கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தான். "எட்டரைக்கு ரீச்சர். விடிய எழும்பிச் செய்வம் எண்டு இருந்தனான்."

இரண்டாவது கேள்வி இதற்குத்தான். யானை வந்தது, சுவர் இடிந்தது, கொப்பி மிதிபட்டது, எல்லாம் உண்மை. வீட்டு வேலை மட்டும் யானை வர முன்னமே செய்யப்படவில்லை.

அவனை நான் ஏசவில்லை. இரவில் சுவர் இடிந்த வீட்டுப் பிள்ளை அவன். ஆனால் விட்டுவிடவும் இல்லை. பத்துக் கணக்கையும் செய்யச் சொன்னால் எங்காவது பார்த்து எழுதுவான். அதனால் மூன்றைத் தெரிந்தேன்: பகுதியெண் ஒரே மாதிரி உள்ள கணக்கு ஒன்று, பகுதியெண்ணைப் பொதுவாக்க வேண்டிய கணக்கு ஒன்று, வசனக் கணக்கு ஒன்று. இடைவேளைக்குப் பிறகு என் மேசைக்குப் பக்கத்தில் இருத்திச் செய்வித்தேன். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டும்போது ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். வீட்டு வேலை ஏன் நடக்கவில்லை என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. அவனுக்குக் கணக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம்.

வசனக் கணக்கை நான் மாற்றிக் கேட்டேன். "ஆறு மூட்டை நெல்லில ரெண்டை யானை இழுத்துக்கொண்டு போனால், போனது எத்தனையில எத்தனை?"

"மூண்டில ஒண்டு," என்றான் உடனே. "ஆனா எங்கட வீட்டில ஒண்டுதான் போனது ரீச்சர்."

ஏதோ ஒன்று தின்றுவிட்டது

யானைக்கு அடுத்தபடி. இங்கே கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தின்றவர் யார் என்று கொப்பியே காட்டும். கறையான் தின்றால் மண் இருக்கும். கொப்பியின் ஓரத்திலோ முதுகிலோ மண்ணால் சின்னச் சின்னக் குழாய் கட்டி, தாளை உள்ளுக்குள் அரித்திருக்கும். மண் வீட்டு நிலத்தில் மாரி காலத்தில் ஒரு இரவு கொப்பி கிடந்தாலே போதும். எலி என்றால் தாள் சின்னச் சின்னத் துண்டாகக் கிடக்கும், ஓரத்தில் பல் அடையாளம் வரிசையாக இருக்கும். மாடு தாளைத் தின்னும், அது பொய்யில்லை. ஆனால் கடித்து இழுக்கும். மிஞ்சியது கிழிந்து, எச்சில் காய்ந்து மொரமொரப்பாக இருக்கும். மாட்டுக்கு ஒரு பக்கத்தை மட்டும் தெரிந்து தின்னத் தெரியாது. வீட்டு வேலை எழுதிய பக்கம் மட்டும் நேராக, கம்பியோரத்தோடு போயிருந்தால் அது இரண்டு கால் மாடு.

ஒருவன் சொன்னான், "மாடு கொப்பிய முழுசா விழுங்கிட்டுது ரீச்சர், மட்டையும் இல்ல." "சரி, எந்த மாடு?" என்றேன். "சிவலை." பக்கத்தில் இருந்த அவனுடைய தங்கச்சி முறையான பிள்ளை வாய் திறந்தது: "சிவலைய மாமா போன மாதமே வித்திட்டார்."

மழையில் எழுத்து கரைந்துவிட்டது

நடுவில் நிற்கிற சாட்டு. உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். இதற்கு மிக நல்ல சோதனை இருக்கிறது: எந்தப் பேனையால் எழுதினாய் என்று கேளுங்கள். சாதாரண போல்பொயின்ற் பேனையின் மை எண்ணெய்ப் பசையுள்ளது, மழைத் தண்ணீருக்குக் கரையாது. பென்சிலும் கரையாது. தாள் கிழிந்து கூழானாலும் எழுத்து தெரியும். ஜெல் பேனையும் மை நிரப்பும் பேனையும்தான் நீலமாகப் படர்ந்து போகக்கூடியவை. நனைந்து காய்ந்த தாள் நெளிநெளியாக நிற்கும், அதை அழுத்தி மட்டமாக்க முடியாது. தாள் நேராக, வெள்ளையாக இருந்து, "எழுத்து கரைஞ்சிட்டுது" என்றால், கரைய எழுத்தே இருந்திருக்காது.

இதில் ஒரு எல்லை உண்டு. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சிப் பக்கம் வெள்ளத்தில் கிடந்தபோது பைகளே போயின. அந்த மாதிரி நாட்களில் பேனையைப் பற்றிக் கேட்காதீர்கள். பிள்ளைக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று மட்டும் கேளுங்கள்.

கரண்ட் இல்லை

இதற்கு ஒழுங்கையில் உள்ள மற்றப் பிள்ளையைப் பார்த்தால் போதும். ஒரே ஒழுங்கையில் நாலு பிள்ளை இருந்து, மூன்று பேர் செய்திருந்தால் கரண்ட் இருந்திருக்கிறது, அல்லது மற்ற மூவரும் பகலில் செய்திருக்கிறார்கள். இரண்டும் உங்களுக்குத் தேவையான விடைதான். 2022இல் மண்ணெண்ணெயும் இல்லாமல், கரண்டும் பல மணித்தியாலம் நின்றபோது இந்தச் சாட்டை நான் வரிசையின் முதல் இடத்துக்கு ஏற்றி வைத்திருந்தேன். அந்த வருடம் வீட்டு வேலையைப் பாடசாலை விட முன்னம், கடைசிப் பாடத்திலேயே செய்வித்தேன்.

எழுதி எடுக்கவில்லை

இதைச் சோம்பல் என்று எடுத்துக் கடைசி இடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் ஒரு பிள்ளையை அப்படித் தள்ளத்தான் இருந்தேன். சீ.ஆர். கொப்பியைப் புரட்டியபோதுதான் கண்டேன், அவள் வீட்டு வேலை தவறிய நாளெல்லாம் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட நாட்கள். புத்தகத்தில் பக்கம் சொல்லிக் கொடுத்த நாட்களில் ஒன்றும் தவறவில்லை. முன் வாங்குக்கு மாற்றி, பலகையில் உள்ள ஒரு இலக்கத்தை வாசிக்கச் சொன்னேன். எட்டை மூன்று என்றாள். கண்ணாடி போட்ட பிறகு அந்தச் சாட்டு அவளிடமிருந்து வரவில்லை. சாட்டுகளைத் திகதியோடு எழுதி வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஒரே பிள்ளை இரண்டு கிழமைக்குள் மூன்று தரம் எழும்பினால் சாட்டை எடைபோடுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

மறந்து வைத்துவிட்டேன்

இனிக் கீழே இறங்குகிறோம். கேட்க மிகச் சாதாரணமான சாட்டு, ஆகவே பொய்க்கு மிக வசதியான சாட்டு. திசையும் இல்லை, நேரமும் இல்லை, சாட்சியும் இல்லை. "அஞ்சாவது கணக்குக்கு விடை என்ன வந்தது?" என்று கேளுங்கள். செய்த பிள்ளை ஏதாவது சொல்லும், பிழையாகவாவது சொல்லும். செய்யாத பிள்ளை, "அஞ்சாவதா ரீச்சர்?" என்று திருப்பிக் கேட்கும்.

சிரிப்பை அடக்க வேண்டியவை

"பாம்பு கொப்பிக்கு மேல சுருண்டு கிடந்தது ரீச்சர். நாகதம்பிரானைக் கலைக்கக் கூடாது எண்டு அப்பம்மா சொன்னவ." புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கிற ஊர் இது. அப்பம்மா அப்படிச் சொல்லியிருப்பா, அதை நான் சந்தேகப்படவில்லை. "எவ்வளவு நேரம் கிடந்தது?" என்றேன். "வெள்ளியிலயிருந்து திங்கள் விடியக்காலை வரைக்கும்." மூன்று இரவு ஒரே கணிதக் கொப்பியில் கிடந்த பாம்பு.

மாங்குளத்துப் பெடியன் ஒருவன், "இரணைமடு வான் பாய்ஞ்சு எங்கட வீட்டுக்குள்ள தண்ணி வந்திட்டுது" என்றான். அவனுக்கு விடை சொல்லாமல் சுவரில் தொங்கிய படத்துக்குக் கூட்டிப் போனேன். கனகராயன் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் காட்டச் சொன்னேன். விரல் கனகராயன்குளத்தில் தொடங்கி மாங்குளத்தைத் தாண்டி வடக்கே இரணைமடுவுக்குப் போனது. குளத்தில் வந்து நின்றது. வான் பாய்கிற தண்ணீர் அங்கிருந்து இன்னும் வடக்கே, கண்டாவளைப் பக்கம் போகும். மாங்குளத்துக்கு வருவதென்றால் அது மேட்டில் ஏற வேண்டும். விரலை எடுக்காமலே, "அப்ப அது வேற தண்ணி போல ரீச்சர்" என்றான்.

என் கொப்பியில் கடைசி இடம் முள்ளியவளையிலிருந்து வந்து சேர்ந்த ஒரு மகளுக்கு. வைகாசிப் பொங்கல் முடிந்த கிழமை. வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல் தண்ணீரில் எரிகிறதென்று ஊர் நம்புகிற விளக்கை அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "வீட்டில எண்ணெய் முடிஞ்சுது ரீச்சர். நாங்களும் நந்திக்கடல் தண்ணி ஒரு போத்தல் கொண்டு வந்தனாங்கள். குப்பி விளக்குக்குள்ள விட்டுக் கொளுத்திக் கொளுத்திப் பார்த்தம், பத்தேல்ல. அதால வெளிச்சம் இல்ல, வீட்டு வேலை செய்யேல்ல."

முதல் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. நெருப்புப் பெட்டிக் குச்சி எத்தனை போனது என்று வரைக்கும் சொன்னாள். இரண்டாவதைக் கேட்டேன்: "இருட்டுக்குள்ள எப்பிடிப் பிள்ளை விளக்குக்குள்ள தண்ணி விட்டனீங்கள்?"

"இருட்டில்ல ரீச்சர், அறையில லைற் எரிஞ்சது," என்றாள். "அந்த வெளிச்சத்திலதான் விட்டுப் பார்த்தனாங்கள்."